ஆண்டுத் தணிக்கை முடிவை எல்லா ஊழியரிடமும் ஐந்து நிமிஷத்தில் சொல்வது: சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் என்னிடம் கேட்ட கேள்விகள்

சேலம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளில் பல வருஷமாக உள் தணிக்கை பார்க்கிறேன். அறிக்கை எழுதிக் கொடுத்தபின் முதலாளிகள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இதை ஆளுங்ககிட்ட எப்படிச் சொல்றது?" அதற்கான உரையையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். சில நன்றாகப் போயின, ஒன்று ஒரு மனிதரைக் காயப்படுத்தியது. அந்த அனுபவத்தில் இருந்துதான் இந்தப் பதில்கள். எடுத்துக்காட்டில் வரும் ஆலைக்குப் பெயர் வைக்கவில்லை. கணக்கு புரிவதற்காக எண்களைச் சுருக்கி எளிதாக்கியிருக்கிறேன்.

எந்த ஆடிட் பற்றிப் பேசணும்? எங்களுக்கு வருஷத்துக்கு மூணு பேர் வந்து போறாங்க.

மூன்றும் வேறு வேறு வேலை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் சட்டப்படியான தணிக்கையாளர் வருஷக் கணக்கைப் பார்த்து, பங்குதாரர்களுக்கு அறிக்கை தருவார். கடன் கொடுத்த வங்கி, கிடங்கில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஆள் அனுப்பும். உள் தணிக்கை என்பது நிர்வாகமே தன் வேலைமுறை சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்வது.

ஊழியர் கூட்டத்துக்கு வேண்டிய விஷயம் பெரும்பாலும் மூன்றாவதில் கிடைக்கும். முதலாவதில் இருந்து ஒரே ஒரு வரி போதும்: கணக்கு சரி என்று கையெழுத்து ஆகிவிட்டதா, ஏதாவது குறை சொல்லிக் கையெழுத்துப் போட்டாரா. இங்கே ஒரு தவறான புரிதல் அடிக்கடி வரும். தணிக்கையாளர் குறை எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் ஆலையில் தவறே இல்லை என்று அர்த்தம் ஆகாது. முக்கியமான அளவில் கணக்கு பிசகவில்லை என்பதே அதன் பொருள். அவர் நிர்வாகத்துக்குத் தனியாக எழுதும் கடிதத்தில் நாலு ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். "ஆடிட்டர் ஓகே சொல்லிட்டார்" என்று மேடையில் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே மூன்று குறைகளைச் சொன்னால் கேட்பவர் குழம்புவார். இந்த வித்தியாசத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

எப்ப வைக்கலாம்? வருஷம் முடிஞ்சது மார்ச்ல, இப்ப ஆகஸ்ட் வந்தாச்சு.

ஆகஸ்ட் சரியான நேரம்தான். இயக்குநர் குழு கணக்கை ஒப்புக்கொண்டு, தணிக்கையாளர் கையெழுத்து ஆனபின் பேசுங்கள். அதற்கு முன் பேசினால் மாறக்கூடிய எண்ணை ஊழியரிடம் சொன்னதாகிவிடும். மார்ச் கடைசியில் வருஷம் முடியும் கம்பெனிகள் செப்டம்பர் 30க்குள் பங்குதாரர் கூட்டம் நடத்தியாக வேண்டும் என்பதால், ஆகஸ்டிலேயே பெரும்பாலும் இந்த வேலை முடிந்திருக்கும்.

ஜவ்வரிசி ஆலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிழங்கு வரத்து கூடும் முன் சொல்லியாக வேண்டும். வாசலில் இருபது லாரி நிற்கும்போது புதிய எடை முறையை யாராலும் பழக்க முடியாது.

நாளைத் தேர்ந்தபின் நேரத்தையும் இடத்தையும் பாருங்கள். அரவை ஓடிக்கொண்டிருந்தால் முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. ஷிப்ட் மாறும் நேரத்தில் இருபது நிமிஷம் இயந்திரத்தை நிறுத்த முடியுமா என்று பிளாண்ட் மேனேஜரிடம் முன்பே பேசிவிடுங்கள். காயப்போடும் களம் விசாலமாக இருக்கும், ஆனால் வெயில் இறங்கியபின் வையுங்கள். சுட்ட சிமென்ட் தரையில் நிற்க வைத்து உண்மை பேசினாலும் யார் காதிலும் ஏறாது.

யார் பேசணும்? ஆடிட்டரையே வரச்சொல்லிப் பேச வைக்கலாமா?

வேண்டாம். அவர் கண்டுபிடித்தவர், சரிசெய்ய வேண்டியவர் அவர் இல்லை. வாக்குறுதி தருகிறவர் வாயில் இருந்தே வாக்குறுதி வர வேண்டும். எம்.டி. பேசட்டும். ஒவ்வொரு குறையையும் சரிசெய்யப் பொறுப்பேற்பவர் பக்கத்தில் நிற்கட்டும், அவர் பெயர் வரும்போது கையைத் தூக்கட்டும். அந்தக் கை தூக்கலுக்குப் பெரிய மதிப்பு உண்டு. மறுநாள் யாரைப் போய்க் கேட்பது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அறிக்கையில 23 பாயிண்ட் இருக்கு. எல்லாத்தையும் சொல்லணுமா?

மூன்று சொல்லுங்கள். மீதி எத்தனை இருக்கிறது, அவை எந்த வகை என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். மறைத்ததாக இருக்காது.

எந்த மூன்று என்பதை நான் தேர்வது இப்படி. களத்தில் நிற்கிற ஒருவர் நாளையில் இருந்து தன் கையால் வேறு மாதிரி செய்ய வேண்டிய விஷயம் ஒன்று. ஊழியரின் சொந்தப் பணத்தையோ உரிமையையோ தொடுகிற விஷயம் ஒன்று. போன வருஷம் வாக்குக் கொடுத்து இன்னும் முடியாத விஷயம் ஒன்று. பேரேட்டில் தேய்மானக் கணக்கு எந்தத் தலைப்பில் போக வேண்டும் என்பது அறிக்கையில் பெரிய எழுத்தில் இருக்கலாம். களத்தில் அதைச் சொல்லி என்ன பயன்?

எதை முதல்ல சொல்றது? நல்ல செய்தியில ஆரம்பிச்சாத்தான் நல்லா இருக்கும்னு எச்.ஆர். சொல்றாங்க.

போன வருஷ வாக்குறுதியில் ஆரம்பியுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். கூடியிருக்கும் நூற்றைம்பது பேரில் நூறு பேர் போன வருஷமும் இதே களத்தில் நின்றவர்கள். "அன்னைக்கு ஒண்ணு சொன்னாங்களே, அது என்னாச்சு?" என்ற கேள்வி அவர்கள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் வரும் வரை புதிய வாக்குறுதி எதுவும் உள்ளே போகாது.

நடக்காததை நடக்கவில்லை என்றே சொல்லுங்கள். எடுத்துக்காட்டு ஆலையில், கிடங்கு மூட்டைகளை மாதம் ஒருமுறை, கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் அல்லாத இரண்டு பேர் எண்ணுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது மாதம் நடந்தது. நவம்பர், டிசம்பர், ஜனவரி நடக்கவில்லை. "பெரும்பாலும் நிறைவேறியது" என்று முதல் வரைவில் எழுதி வந்தது. அதை அடித்துவிட்டேன். சரக்கு அதிகம் புரளும் மூன்று மாதமும்தான் விட்டுப்போயிருக்கிறது, எண்ணிக்கை மிக அவசியமான மாதங்களும் அவைதான். அதனால் அந்த மூன்று மாதத்தின் பெயரையும் உரையில் சொல்ல வைத்தேன்.

எடைமேடை விஷயத்தை எப்படிச் சொல்றது? நேரா சொன்னா திருட்டுன்னு நினைப்பாங்க.

முதலில் நடந்ததைத் தெளிவாகப் பார்ப்போம். மேடையில் சொல்ல வேண்டிய வாக்கியம் அதில் இருந்தே கிடைக்கும்.

கிழங்கு லாரி வரும்போது சரக்கோடு ஒரு எடை, இறக்கியபின் காலி வண்டியாக ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். உள் தணிக்கையில் 60 சீட்டுகளை எடுத்தோம். அதில் 11 சீட்டுகளில் காலி எடை நிஜமாகவே எடுக்கப்படவில்லை. அந்த வண்டி முன்பு வந்தபோது இருந்த எடையைப் பார்த்துக் கையால் அடித்திருந்தார்கள்.

கண்டுபிடித்தது எப்படி என்றால், ஒரே வண்டிக்கு நாலு நடையிலும் காலி எடை 4,820 கிலோ என்று இருந்தது. காலி லாரி ஒவ்வொரு நடையும் அச்சாக அதே எடையில் நிற்காது. நூறு லிட்டர் டீசல் மட்டுமே ஏறக்குறைய 83 கிலோ. டேங்க் நிறைந்திருப்பதற்கும் பாதி இருப்பதற்குமே எடை மாறிவிடும். இதோடு நனைந்த தார்ப்பாய், கயிறு, கிழங்கில் இருந்து உதிர்ந்து தொட்டியில் ஒட்டிய செம்மண், கிளீனர் வண்டியில் இருந்தாரா இறங்கினாரா என்பதெல்லாம் சேரும். நாலு முறையும் ஒரே எண் வந்தால் வண்டி மேடை ஏறவில்லை என்று புரிந்துகொள்ளலாம். இரண்டாவது தடயம் நேரம். சீட்டில் இரண்டு எடைக்கும் நேரம் அச்சாகிறது. மூன்று நிமிஷ இடைவெளியில் ஒரு லாரிக் கிழங்கை யாராலும் இறக்க முடியாது.

இதனால் என்ன நஷ்டம்? அதே வண்டியை ஒருநாள் நாங்களே நின்று எடை போட்டோம். காலி எடை 5,110 கிலோ வந்தது. பழைய எண்ணைப் போட்டிருந்தால் 290 கிலோ கிழங்குக்குக் கூடுதலாகப் பணம் போயிருக்கும். டன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்கு 2,320 ரூபாய். இது மறுபக்கமும் நடக்கும். பழைய எண் நிஜத்தைவிடக் கூடுதலாக இருந்தால் விவசாயியின் கிழங்கு குறைந்து காட்டும். பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்து விடிய விடிய வந்த மனிதருக்கு அது தெரியவே தெரியாது. இதையும் மேடையில் சொல்லச் சொன்னேன். கம்பெனிக்கு நஷ்டம் என்று மட்டும் சொன்னால் அது முதலாளியின் கவலையாகத் தெரியும். விவசாயிக்கும் நஷ்டம் என்றால், களத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் தங்கள் வீட்டு மரவள்ளியை நினைத்துப் பார்ப்பார்கள்.

அடுத்தது காரணம். அந்த 11 சீட்டும் இரவில் போடப்பட்டவை. இரவில் எடை போடுவதும் சீட்டுப் போடுவதும் ஒரே ஆள். இறக்கும் இடத்தில் இருந்து பின் கேட் பக்கம், எடைமேடையோ முன் கேட்டில். காலி வண்டி சுற்றி வந்து வரிசையில் நின்றால் ஒரு மணி நேரம் போகும் என்று டிரைவர்கள் பின்பக்கமே கிளம்பிவிடுகிறார்கள். மென்பொருளும் பழைய எடையைக் கையால் அடிக்க விடுகிறது. ஒருவர் கெட்டவராக இருந்தால்தான் இது நடக்கும் என்றில்லை. இந்த அமைப்பில் யார் உட்கார்ந்தாலும் இதுதான் நடக்கும்.

ஆக, மேடையில் சொல்ல வேண்டியது: "ராத்திரியில் காலி வண்டியை எடை போடாமலே அனுப்ப நம்ம ஏற்பாடே வழி விட்டிருக்கு. அந்த வழியை அடைக்கிறோம்." இதில் பொய் இல்லை, யார் மீதும் குற்றமும் இல்லை. யாராவது வேண்டுமென்றே செய்ததாகச் சந்தேகம் இருந்தால் அதை விசாரிக்க வேறு இடம் இருக்கிறது. விசாரணை முடியும் வரை அதைப் பற்றி மேடையில் ஒரு சொல்லும் கூடாது.

60ல 11ன்னா, நூத்துக்கு பதினெட்டு லாரி தப்புன்னு அர்த்தமா?

இல்லை. இந்தக் கேள்வி கூட்டத்தில் கட்டாயம் வரும், பேசுபவர் தயாராக இருக்க வேண்டும். அந்த 60 சீட்டும் சீட்டு குலுக்கி எடுத்தவை அல்ல. தவறு நடக்க வாய்ப்புள்ள இடம் என்று பார்த்து 40 இரவுச் சீட்டும் 20 பகல் சீட்டும் எடுத்தோம். பகல் சீட்டில் ஒன்றுகூடத் தவறவில்லை. அதனால் மொத்தக் கொள்முதலுக்கு இந்த விகிதத்தைப் போட முடியாது. "நாங்க பார்த்த 40 ராத்திரிச் சீட்டில் 11" என்று சொன்னால் போதும், அதுதான் நேர்மையான எண். சதவீதம் சொல்லவே சொல்லாதீர்கள். சொன்னால் அந்த ஒரு எண் மட்டும் டீக்கடை வரை போகும், அதோடு சேர்ந்த விளக்கம் போகாது.

பேர் சொல்லலை, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சுதே. அதுக்கு என்ன பண்றது?

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஓர் ஆலைக்கு எழுதிய உரையில் "இரவு ஷிப்டில் எடைமேடையில்" என்று எழுதினேன். பெயர் இல்லையே, சரி என்று நினைத்துவிட்டேன். அந்த ஆலையில் இரவு எடைமேடையில் இருந்தவர் ஒரே ஒருவர். எம்.டி. அந்த வாக்கியத்தைப் படித்ததும் மொத்தக் களமும் ஒரு பக்கம் திரும்பியது. அவர் கையில் இருந்த டீ கிளாஸைத் தரையில் வைத்தார். மறுபடி எடுக்கவே இல்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின்னும் அந்த கிளாஸ் அங்கேயே இருந்தது. அடுத்த மாதமே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் மீது எந்தத் தப்பும் நிரூபணம் ஆகவில்லை.

அதற்கப்புறம் நான் விடாமல் செய்வது இரண்டு. குறை எந்த இடத்தில் என்று சொல்லும்போது அந்த இடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணுகிறேன். நாலு பேருக்குக் கீழே என்றால் இடத்தைப் பொதுவாக்கிவிடுகிறேன், "எடை எடுக்கும் முறையில்" என்று. ஆனால் எடைமேடை போன்ற விஷயத்தில் எவ்வளவு பொதுவாக்கினாலும் ஆள் தெரிந்துதான் போகும். அதனால் கூட்டத்துக்கு முந்தைய நாளே பிளாண்ட் மேனேஜர் அவரைத் தனியாக உட்காரவைத்து, நாளை படிக்கப்போகும் வாக்கியத்தை அப்படியே படித்துக் காட்ட வேண்டும். "அண்ணே, இதுல உங்களைக் குத்திக்காட்டுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். ஒரு முறை அப்படிக் கேட்டபோது அவர் சொன்ன பதிலில்தான் பின் கேட் விஷயமே எங்களுக்குத் தெரிந்தது.

சரிசெய்யறோம்னு சொன்னா போதாதா? எவ்வளவு விவரம் வேணும்?

"உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்பதில் யார் எடுப்பார், எப்போது எடுப்பார், எடுத்தது எப்படித் தெரியும் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு வாக்குறுதியிலும் இந்த மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது மிக முக்கியம். சாதாரணமாக அந்தப் பக்கம் போய்வரும் ஒருவர் கண்ணில் படுகிற அடையாளம் ஒன்றைச் சொல்லுங்கள்.

எடைமேடைக்கு அது இப்படி அமைந்தது. இரவில் பின் கேட் பூட்டியிருக்கும், சாவி செக்யூரிட்டியிடம். காலி எடையைக் கையால் அடிக்கும் வசதி மென்பொருளில் எடுக்கப்படும். இரவுச் சீட்டில் கிடங்கு எழுத்தர் இரண்டாவது கையெழுத்துப் போடுவார். பூட்டும் கையெழுத்தும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியவை.

மின்தடையையும் யோசித்துவிடுங்கள். பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத நாள் வரும், யு.பி.எஸ்.ஸும் ஓரளவுக்குத்தான் தாங்கும். அன்றைக்கு என்ன செய்வது என்று சொல்லாமல் கையால் எழுதவே கூடாது என்று தடை போட்டால், முதல் மின்தடை அன்றே தடையை மீறுவார்கள். மீறியது ஒருமுறை பழகிவிட்டால் அப்புறம் பூட்டு அலங்காரம்தான். அதனால் வரிசை எண் அச்சிட்ட கைச்சீட்டுப் புத்தகம் ஒன்று செக்யூரிட்டியிடம் இருக்கட்டும். கரண்ட் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் அதில் எழுதட்டும். உரையில் இதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்குங்கள். வேலை தெரிந்தவர்கள் எழுதிய திட்டம் என்று கேட்பவர்களுக்கு அங்கேதான் நம்பிக்கை வரும்.

கான்ட்ராக்ட் ஆளுங்க பி.எஃப். லேட்டா கட்டினதைச் சொல்லியே ஆகணுமா? வம்பு வராதா?

சொல்லியே ஆக வேண்டும். அது அவர்கள் பணம். சம்பளத்தில் பிடித்த தொகை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். எடுத்துக்காட்டு ஆலையில் பன்னிரண்டு மாதத்தில் நாலு மாதம் ஒப்பந்ததாரர் தாமதமாகக் கட்டியிருந்தார். ஒப்பந்ததாரர் கட்டவில்லை என்று ஆலை கைகழுவ முடியாது, முதன்மை முதலாளி என்ற முறையில் பொறுப்பு ஆலைக்கும் உண்டு. பாஸ்புக்கைப் பார்த்து ஊழியர்கள் தாங்களே கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிட்டால் வம்பு குறையும்.

இதற்கு எல்லாரும் சொல்லும் தீர்வு, போன மாதச் செலான் காட்டினால்தான் ஒப்பந்ததாரர் பில் பாஸ் ஆகும் என்பது. அது பாதிதான். செலான் பணம் கட்டியதைக் காட்டும், யாருக்காகக் கட்டினார் என்று காட்டாது. 55 பேர் வேலை செய்து 40 பேருக்குக் கட்டினாலும் செலான் அழகாகவே இருக்கும். செலானோடு பெயர்ப்பட்டியலை வாங்கி, அதை டைம் ஆபீஸ் வருகைப் பதிவேட்டோடு ஒவ்வொரு பெயராக ஒத்துப் பார்க்க வேண்டும். பார்த்தபின் மாதம் 20ஆம் தேதி, இத்தனை பேர் வேலை செய்தார்கள், இத்தனை பேருக்குக் கட்டியாயிற்று என்று இரண்டு எண்ணை மட்டும் பலகையில் எழுதலாம். தனி மனிதர் தொகை எதையும் ஒட்டாதீர்கள். தன் பெயர் இருக்கிறதா என்று அவரவர் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்கு யுஏஎன் எண் வேண்டும், அதையே பலரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் எச்.ஆர். ஒரு மேசை போட்டு உட்கார்ந்து எண்ணை எழுதிக் கொடுக்கட்டும்.

உரை எப்படி இருக்கணும்னு ஒண்ணு எழுதிக் காட்ட முடியுமா?

நிதானமாகப் படித்தால் ஐந்து நிமிஷத்துக்குள் முடியும்:

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. இந்த வருஷத் தணிக்கை முடிஞ்சது. கணக்கு சரியா இருக்குன்னு ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்கார். கணக்கு சரின்னா வேலைமுறையில் குறையே இல்லைன்னு ஆகாது. உள் தணிக்கையில் 23 குறை வந்திருக்கு. உங்களைத் தொடுற மூணை இப்பச் சொல்றேன். மீதி இருபதும் ஆபீஸ் கணக்கு, பேப்பர் சம்பந்தப்பட்டது. பார்க்கணும்னு விருப்பப்படுறவங்க டைம் ஆபீஸில் பட்டியலைப் பார்க்கலாம்.

முதல்ல போன வருஷம் நான் சொன்னது. குடோன் மூட்டையை மாசாமாசம் வெளியாள் ரெண்டு பேர் எண்ணுவாங்கன்னு சொன்னேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூணு மாசமும் எண்ணலை. சீசன்ல ஆள் ஒதுக்காம விட்டது என் தப்பு. இந்த வருஷம் ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது சனிக்கிழமை எண்ணணும்னு தேதி குறிச்சாச்சு. எண்ணப்போற ஆள் பேரையும் இப்பவே எழுதியாச்சு. பொறுப்பு குடோன் மேனேஜர்.

ரெண்டாவது, எடை. நாங்க பார்த்த 40 ராத்திரிச் சீட்டில் 11ல் காலி வண்டியை எடை போடாமலே அனுப்பியிருக்கோம். இதில் நமக்கும் நஷ்டம் வரலாம், கிழங்கு கொண்டுவந்த விவசாயிக்கும் நஷ்டம் வரலாம். ஒரு ஆள் மேல ரெண்டு வேலையைப் போட்டு, பின் கேட்டையும் திறந்து வெச்சது நிர்வாகம். ஆகஸ்ட் 31ல் இருந்து ராத்திரி பின் கேட் பூட்டியிருக்கும். காலி வண்டி மேடை ஏறித்தான் போகணும். சீட்டில் ரெண்டு கையெழுத்து இருக்கும். கரண்ட் இல்லைன்னா செக்யூரிட்டிகிட்ட இருக்கிற நம்பர் போட்ட புத்தகத்தில் எழுதணும். பொறுப்பு பிளாண்ட் மேனேஜர்.

மூணாவது, கான்ட்ராக்ட்ல வேலை செய்றவங்க பி.எஃப். நாலு மாசம் லேட்டாக் கட்டியிருக்காங்க. இப்ப பாக்கி இல்லை, எல்லாம் கட்டியாச்சு. உங்க பணம் லேட்டானதுக்கு நான் வருத்தப்படுறேன். செப்டம்பர் மாசத்தில் இருந்து செலானையும் பெயர்ப்பட்டியலையும் வருகைப் பதிவேட்டோட ஒத்துப் பார்த்த பிறகுதான் கான்ட்ராக்டர் பில் பாஸ் ஆகும். 20ஆம் தேதி பலகையில் எழுதுவோம். பொறுப்பு எச்.ஆர். உங்க எண் தெரியாதவங்க இப்பவே அந்த மேசையில் வாங்கிக்கலாம்.

டிசம்பர்ல உள் தணிக்கைக்காரங்க திரும்ப வந்து இந்த மூணையும் பார்ப்பாங்க. அவங்க சொல்றதை அதே வாரம் பலகையில் போடுவேன். இப்ப கேளுங்க."

ஒன்றைக் கவனியுங்கள். லாபம் எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்று இதில் எதுவும் இல்லை. அதைக் கலந்தால் கூட்டம் அதைப் பற்றியதாகிவிடும். போனஸ் பேச்சுக்குத் தனி நாள் வையுங்கள்.

பீகார், ஒடிசா ஆளுங்க பாதிப்பேர் இருக்காங்க. அவங்களுக்கு?

அதே நாள், அதே எம்.டி. முன்னிலையில் இந்தியிலும் சொல்ல வேண்டும். மேஸ்திரி அப்புறம் சொல்லிவிடுவார் என்று விடாதீர்கள். பி.எஃப். விஷயத்தில் மேஸ்திரி ஒப்பந்ததாரரின் ஆளாகவே இருக்கலாம். தமிழும் இந்தியும் தெரிந்த ஆபீஸ் ஊழியர் ஒருவரிடம் உரையை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். பத்தி பத்தியாக மாற்றி மாற்றிப் படித்தால் நேரம் இரட்டிப்பாகும். ஆகட்டும்.

ரகசியம்னு எதையெல்லாம் சொல்லக் கூடாது?

நடந்துகொண்டிருக்கும் விசாரணை, தனி மனிதர் சம்பளமும் தண்டனையும், வாடிக்கையாளர் விலை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால், இன்னும் வெளியிடாத நிதி முடிவுகளும் சேரும். நம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பிரச்சினை வராது.

சொன்ன தேதியில முடியலைன்னா?

டைம் ஆபீஸ் பக்கத்தில், எல்லாரும் கார்டு அடிக்கும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள். குறை, பொறுப்பு, தேதி, நிலை என்று நாலு பத்தி. தேதி தள்ளினால் பழைய தேதியை அழிக்காதீர்கள். அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியதையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதுங்கள். அழித்து எழுதியதை முதல் ஆளே கவனித்துவிடுவார். "ஆக. 31" மேல் கோடு போட்டு "செப். 12, மென்பொருள்காரர் வரவில்லை" என்று எழுதியிருந்தால் கோபம் வரலாம், ஆனால் நம்பிக்கை போகாது. இரண்டாவது முறையும் தள்ளினால் எம்.டி. ஷிப்ட் மாறும் நேரத்தில் வந்து இரண்டு நிமிஷம் நேரில் சொல்ல வேண்டும்.

எப்ப "முடிஞ்சது"ன்னு எழுதலாம்? பூட்டுப் போட்ட அன்னைக்கா?

பூட்டுப் போட்ட அன்று "போட்டாச்சு" என்று எழுதுங்கள். "முடிந்தது" என்று எழுதுவது தணிக்கை செய்தவர் திரும்ப வந்து பார்த்தபின்.

நான் பார்ப்பது இப்படி. புதிய முறை வந்து இரண்டு மாதமாவது ஓடியிருக்க வேண்டும், அதில் வரத்து அதிகமான நாட்கள் கட்டாயம் இருக்க வேண்டும். சும்மா இருந்த நாட்களில் எந்த முறையும் ஒழுங்காகத்தான் நடக்கும். பின் 25 இரவுச் சீட்டு எடுத்து, காலி எடை திரும்பத் திரும்ப ஒரே எண்ணாக வருகிறதா, இரண்டு எடைக்கும் இடையே நேரம் நியாயமாக இருக்கிறதா, இரண்டாவது கையெழுத்து நிஜமா என்று பார்ப்பேன். கையெழுத்து நிஜமா என்பதற்கு ஒரு வழி உண்டு. கிடங்கு எழுத்தர் விடுப்பில் இருந்த நாட்களை வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அந்த இரவுச் சீட்டுகளைத் தேடுவேன். அன்றும் அவர் கையெழுத்து இருந்தால், யாரோ மொத்தமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டு ஆலையில் டிசம்பரில் பார்த்தபோது காலி எடைகள் ஒவ்வொரு நடைக்கும் மாறியிருந்தன. ஆனால் இரண்டு சீட்டில் எழுத்தர் ஊரில் இல்லாத நாளின் கையெழுத்து இருந்தது. அன்று மாலையே பலகையில் அந்த வரிசையில் எழுதினார்கள்: "எடை சரி. கையெழுத்து இன்னும் சரியில்லை. திரும்பப் பார்ப்பது பிப்ரவரி."